நகம் நின்றதா, நிற்கவில்லையா

"வாங்கண்ணே, பயப்படாதீங்க. இங்க யாரும் உங்கள ஏமாத்த மாட்டாங்க."

என் மெக்கானிக் கடை வாசலில் அவர் வண்டிக்கு ஸ்டாண்டு போடுவதற்கு முன்பே இப்படிச் சொல்லிவிட்டேன். ஏமாற்றுவதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. இறங்கியதும் சாவியை உருவிப் பையில் போட்டுக்கொண்டார், அதைப் பார்த்து நானாகப் புரிந்துகொண்டேன். சொன்னதும் முகம் இளகும் என்று நினைத்தேன். அவரோ செல்போனை எடுத்து மீட்டரையும் டேங்க்கையும் படம் பிடித்தார்.

வண்டி புகை தள்ளுகிறது, ஆயிலும் குறைகிறது. வேறொரு கடையில் போர் ஒர்க், அதாவது சிலிண்டரின் உள்சுவரைக் கடைந்து சரிசெய்யும் வேலை என்று சொல்லிவிட்டார்களாம். ராத்திரி இங்கேயே விட்டுவிட்டுக் காலையில் வாங்க, முதல் ஸ்டார்ட்டை உங்கள் கண்ணெதிரே பார்ப்போம் என்றேன். அரை மனதாக விட்டுப் போனார். காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலமாக ஒரு கொத்துப் புகை வந்தது, ஒரு நிமிடத்தில் நின்றுவிட்டது. ஆக்சிலேட்டர் முறுக்கிப் பார்த்தோம், அப்போது வரவில்லை. வால்வு வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கும் ரப்பர் சீல் இறுகிப்போனால் இப்படித்தான்: ராத்திரி முழுக்க ஆயில் துளித்துளியாக உள்ளே இறங்கி, காலையில் முதலில் எரியும். பிஸ்டன் ரிங் போயிருந்தால் முறுக்க முறுக்க புகை வரும். "சீல் மட்டும் போதும்ணே" என்றேன். அவர் வேலைக்குப் போய்விட்டார்.

இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றினேன். சீல் ரப்பர் கல்லாகியிருந்தது. பிஸ்டனைக் கீழே இறக்கிப் பார்த்தால் போர் சுவரில் மேலிருந்து கீழாக ஒரு கோடு. நகத்தை வைத்துக் குறுக்கே இழுத்தேன். நகம் மாட்டினால் போர் போட வேண்டும், வழுக்கினால் ஓட்டலாம். அன்றைக்கு மாட்டியதா, வழுக்கியதா என்று இன்னும் எனக்கே தெளிவில்லை. மூன்று தடவை இழுத்தேன். மூன்றாவது தடவை கொஞ்சம் மெதுவாக இழுத்தேனோ?

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் அப்படி வரவேற்றுவிட்டு, "அண்ணே, போரும் பார்க்கணும்" என்று எந்த வாயால் சொல்வது? பழைய சீலைப் படம் எடுத்து அனுப்பினேன். போர் சுவரிலிருந்த கோட்டைப் படம் எடுக்கவில்லை. வால்வு லேப்பிங் செய்து, புது கேஸ்கட் வைத்து மூடினேன். தேவையில்லாத செலவை வைக்கவில்லை என்று அப்போது மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அது பொய்யும் இல்லை, மறுநாள் காலையில் புகையே இல்லை.

பணம் கொடுக்கும்போது கேட்டார்: "அப்போ அந்தக் கடைக்காரன் பொய்தான சொல்லிருக்கான், தம்பி?"

"அவங்க பாத்தது வேற மாதிரி இருந்திருக்கும்ணே."

அவர் சிரித்தார். என் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டார் போல. பேர் தெரியாத அந்த மெக்கானிக் ஹெட்டைக் கழற்றாமலே சொன்னவர், அது தப்புதான். ஆனாலும் அந்தக் கோடு அங்கே இருந்தது.

இப்போது யார் வந்தாலும் "வாங்கண்ணே, என்ன பண்ணுது வண்டி?" என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அவர் இந்த வழியாகத்தான் போகிறார், கை காட்டுவார். நான் முதலில் சைலன்சரைத்தான் பார்க்கிறேன்.