பைப் பண்டல் போட்டோவுல எண்ணிக்கை பாக்குறது

நான் சைட்டு ஸ்டோர்ஸ்ல இருக்கேன், ஜிஐ பைப் லோடு வந்தா சூப்பர்வைசர் தம்பி பண்டலோட வாய்ப்பக்கத்த போட்டோ புடிச்சு வாட்ஸ்அப்ல அனுப்புவான். ஆறு மூலையா ஸ்ட்ராப் போட்டு கட்டுன பண்டல், சலான்ல 61, 91னு போட்டிருக்கும். போட்டோவ பெருசாக்கி ஒவ்வொரு வாயா எண்ண ஆரம்பிச்சா முப்பது தாண்டுறதுக்குள்ள எதை எண்ணுனோம் எதை விட்டோம்னே தெரியாது.

அதனால நான் வரிசையத்தான் பாப்பேன். ஒவ்வொரு பைப்பும் கீழ் வரிசையோட ரெண்டு பைப்புக்கு நடுவுல உக்காரும், நடு வரைக்கும் இருக்குற வரிசைகள்ல ரெண்டு ஓரப் பைப் மட்டும் கீழ ஒரே பைப்ப ஒட்டி வெளிய நீட்டிட்டு ஸ்ட்ராப் பிடியில நிக்கும், அதனால ஆறு மூலை கட்டுல அடியில இருந்து நடு வரைக்கும் வரிசைக்கு ஒண்ணு கூடும், நடுவுக்கு மேல ஒண்ணு ஒண்ணா குறையும். அடி வரிசை 5னா 5, 6, 7, 8, 9, திரும்ப 8, 7, 6, 5, மொத்தம் 61. அடி 6னா நடு 11, மொத்தம் 91.

ஒரு தடவ 61னு சலான் போட்ட ரெண்டு இஞ்ச் பண்டல் வந்துச்சு. அடி வரிசை 5, நடு வரிசை 9, எல்லாம் சரியா இருக்கு, ஆனா உச்சி வரிசைய எண்ணுனா 6. சாய்வு ஓரத்த பாத்தேன், நடு மூலையில இருந்து உச்சி மூலை வரைக்கும் அஞ்சு பைப் இருக்கணும், நாலுதான் இருந்துச்சு. அப்ப உச்சியில ஒரு வரிசையே இல்ல, கீழ 35 மேல 21, ஆக 56. மீடியம் கிளாஸ் ரெண்டு இஞ்ச், ஆறு மீட்டர் பைப்புனா ஒண்ணு சுமாரா 30 கிலோ, அஞ்சு குறைஞ்சா 150 கிலோ, எடைச் சீட்டுலயும் அந்த அளவு கம்மியாத்தான் இருந்துச்சு, சப்ளையருக்கு போன் போட்டு சலான திருத்தி வாங்குனோம்.

இந்த கணக்கு ஓரங்கள வச்சு வர்றதுதான், உள்ள ஒண்ணு காணாம போயிருந்தா காட்டாது. அதுக்கு எண்ண வேண்டியதில்ல, சாய்வா ஓடுற கோடுகள மட்டும் கண்ணால ஓட்டிப் பாருங்க, எங்கயாவது கோடு வளைஞ்சாலோ உடைஞ்சாலோ அங்க நின்னுடணும். பைப் வாய்னா சுத்தி வெள்ளையா ஒரு வளையம் மின்னும், மூணு பைப்புக்கு நடுவுல இருக்குற சந்து சின்ன முக்கோணமா இருக்கும், வளையமே இல்லாம பெரிய இருட்டா தெரிஞ்சா ஒண்ணு பைப் இல்ல, இல்லன்னா உள்ள தள்ளிப் போயிருக்கு. எது உண்மைன்னு இந்தப் பக்கத்து போட்டோவ வச்சு சொல்ல முடியாது, "தம்பி அந்தக் கடைசியிலயும் ஒண்ணு எடுப்பா"ன்னு கேட்டு வாங்கிடுவேன். ஸ்ட்ராப் அறுந்து சரிஞ்ச பண்டல்னா வரிசைக் கணக்கே கிடையாது, அடி மூலையில இருக்குறது வெளிய உருண்டுடும், கீழ இறக்கிப் பரப்பித்தான் எண்ணணும்.