பழைய கார்டு இன்னும் யார் யாரிடம் இருக்கிறது?

சுங்கை சிப்புட்டில் இருக்கும் அம்மாவின் டெபிட் கார்டு பாசார் மாலாமில் தொலைந்து, வங்கி அதை முடக்கிப் புதியது கொடுத்தது. அந்தக் கார்டில் தானாகப் போய்க்கொண்டிருந்த கட்டணங்களை ஒவ்வொன்றாகத் தேடிச் சரிசெய்த முறையை எழுதுகிறேன்.

கார்டு காலாவதியாகி மாறும்போது பல வங்கிகளில் 16 இலக்க எண் அப்படியே இருக்கும். காலாவதித் தேதியும் பின்பக்க மூன்று இலக்கமும்தான் மாறும். தொலைந்து மாற்றினால் எண்ணே வேறு. விசா, மாஸ்டர்கார்டு இரண்டிலும் புதிய விவரத்தை நிறுவனங்களுக்குத் தானாகத் தெரிவிக்கும் சேவை உண்டு. ஆனால் வங்கியும் அந்த நிறுவனமும் அதில் சேர்ந்திருக்க வேண்டும். அதனால் ஒரு சந்தா தடையில்லாமல் போனால், மற்றதும் போகும் என்று நம்பிவிடக்கூடாது.

முதலில் கார்டு வழியாகப் போவதையும் வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் போவதையும் பிரிக்க வேண்டும். கணக்கு எண்ணைக் கொடுத்துப் பதிந்த நேரடிப் பற்றுக்கும் கார்டுக்கும் தொடர்பில்லை. அவற்றைத் தொட வேண்டாம். அம்மாவின் வீட்டுக் கடன் இப்படித்தான் போனது. மின்சாரம், கைப்பேசி, காப்புறுதி மூன்றும் கார்டில் இருந்தன.

அடுத்து வங்கிக் கணக்கு அறிக்கை. குறைந்தது 13 மாதத்துக்கு எடுங்கள். ஆண்டுக்கொருமுறை வரும் கட்டணம் பன்னிரண்டு மாதப் பட்டியலின் ஓரத்தில் நழுவிப்போகும். செயலியின் முகப்பில் அண்மைய பரிவர்த்தனைகள்தான் தெரியும். பழையவை மின்-அறிக்கைப் பகுதியில் மாத வாரியாக இருக்கும்.

அதில் வரும் பெயர்கள்தான் குழப்பும். கடையின் பெயருக்குப் பதில் அதன் தாய் நிறுவனத்தின் பெயர் வரலாம். `GOOGLE *` என்றோ `APPLE.COM/BILL` என்றோ `PAYPAL *` என்றோ இருந்தால், கார்டை வைத்திருப்பது அந்த இடைத்தரகர். அங்கே ஒருமுறை மாற்றினால் அதன் பின்னால் இருக்கும் சந்தாக்களும் சேர்ந்து சரியாகலாம். ஒரே தொகையைத் தேடி ஓடாதீர்கள். டாலரில் வசூலிக்கும் சந்தா, மாற்று விகிதத்தைப் பொறுத்து, வெள்ளியில் ஒரு மாதம் ஒரு தொகையாகவும் அடுத்த மாதம் வேறொன்றாகவும் தெரியும். தேதியைப் பாருங்கள்: மாதா மாதம் ஏறக்குறைய அதே நாளில் வருகிறதென்றால் அது சந்தா. புரியாத வரி வந்தபோது, அந்தத் தேதியை வைத்து மின்னஞ்சலில் ரசீது தேடியே யார் என்று கண்டுபிடித்தேன்.

அறிக்கையில் வராதவையும் உண்டு: இலவசச் சோதனைக் காலத்தில் இருக்கும் சந்தா, இருப்பு குறைந்தால் மட்டும் நிரப்பும் மின்-பணப்பை, இணையக் கடையில் சேமித்த கார்டு. இவற்றுக்கு மின்னஞ்சலில் பழைய கார்டின் கடைசி நான்கு இலக்கத்தைத் தேடுங்கள். பல ரசீதுகளில் அது இருக்கும்.

மாற்றும் வரிசையில் காப்புறுதி முதலில். ஆயுள் காப்புறுதியில் கட்டணம் தவறினால் பொதுவாக 30 நாள் அவகாசம் கிடைக்கும். உங்கள் ஒப்பந்தத்தில் சரிபாருங்கள். சேமிப்பு மதிப்பு உள்ள சில ஒப்பந்தங்களில், காப்புறுதிக் கட்டணம் வராவிட்டால் அந்த மதிப்பிலிருந்தே கடனாக எடுத்துக்கொள்வார்கள். ஒப்பந்தம் நடப்பில் இருப்பதுபோலவே தெரியும், உள்ளே வட்டி ஏறிக்கொண்டிருக்கும். முகவரை அழைத்து, "அண்ணே, பாக்கி ஏதும் கடனா ஏறியிருக்கா பாருங்க" என்று கேட்டுவிடுவது நல்லது. பிறகு மின்சாரம், தண்ணீர், கைப்பேசி. படம், பாட்டு எல்லாம் கடைசியில் போதும்.

புதிய எண்ணைச் சரியாகப் போட்டும் நிராகரிக்கப்பட்டால் நிறுவனத்தை நோக வேண்டாம். மலேசியக் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வாடிக்கையாளரே திறக்க வேண்டும். டெபிட் கார்டில் இணையக் கொள்முதலும் பெரும்பாலும் அப்படித்தான். பழைய கார்டில் திறந்திருந்தது புதியதுக்கு வராமல் போகலாம். வங்கிச் செயலியின் கார்டு அமைப்பில் இரண்டையும் பாருங்கள். உள்ளூர் மின்கட்டணம் போய், வெளிநாட்டுச் சந்தா மட்டும் தடைபட்டால் இதுதான் காரணமாக இருக்கும். கார்டைச் சேர்க்கும்போது ஒரு வெள்ளி பிடித்தம் போல் வந்தால், அது சோதனை, திரும்பிவிடும்.

விட்டுப்போன பில்லில் கவனம் தேவை. கார்டை மாற்றியதும் சில நிறுவனங்கள் பாக்கியை உடனே இழுக்கும்; சில அடுத்த பில்லிலிருந்துதான் தொடங்கும். அவசரப்பட்டு ஜோம்பேயில் கட்டினால் இரண்டு தடவை போகலாம். கார்டை முதலில் மாற்றி, ஓரிரு நாள் கழித்து நிறுவனத்தின் செயலியில் பாக்கியைப் பார்த்து, இன்னும் நின்றால் மட்டும் கையால் கட்டுங்கள். கெடு தேதி நெருங்கிவிட்டால் அவர்களையே அழைத்துக் கேளுங்கள்.

வேண்டாத சந்தாவை, கார்டுதான் செத்துவிட்டதே என்று அப்படியே விடாதீர்கள். முன்பு சொன்ன தானியங்கிச் சேவை வழியாகப் புதிய எண் அவர்களிடம் போய்ச் சேரலாம். உள்ளே நுழைந்து ரத்து செய்து, ரத்தை உறுதிசெய்யும் மின்னஞ்சல் வந்ததா என்று பாருங்கள்.