30 நாள் நோட்டீஸ், எந்த 30 நாள்? புதுச்சேரி வேலையை விட்டபோது பட்ட பாடு

ராஜினாமா மெயில் அனுப்புவது, ஐ.டி. கார்டைத் திருப்பிக் கொடுப்பது, லேப்டாப் ஒப்படைப்பது எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. பல நாள் என் தூக்கத்தைக் கெடுத்தது அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் இருந்த 'டேஸ்' என்ற ஒற்றைச் சொல். இதே வாசகம் பலருடைய ஆர்டரிலும் இருக்கும் என்பதால் தேதி வாரியாகவே எழுதிவிடுகிறேன்.

ஆபீஸ் இருப்பது புதுச்சேரியில், தலைமை அலுவலகமும் எச்.ஆரும் சென்னையில், என் வீடு கடலூரில். வாரத்துக்கு ஐந்து நாள் வேலை. ஆர்டரில் இருந்தது இவ்வளவுதான்: ப்ரொபேஷன் 180 நாள். ப்ரொபேஷனில் விலகினால் 15 நாள் நோட்டீஸ், கன்ஃபர்ம் ஆன பிறகு 30 நாள். காலண்டர் நாளா, வேலை நாளா என்று எங்கேயும் இல்லை. நான் சேர்ந்தது 2024 ஜனவரி 8, திங்கட்கிழமை. ராஜினாமா மெயில் போட்டது ஆகஸ்ட் 1, வியாழக்கிழமை. புது இடத்தில் செப்டம்பர் 2 அன்று சேர வேண்டும்.

என் கணக்குப்படி நோட்டீஸ் கொடுத்த நாளைத் தள்ளிவிட்டு, ஆகஸ்ட் 2-ஐ முதல் நாளாக வைத்தால் 30-வது நாள் ஆகஸ்ட் 31. ஒரு குறிப்பிட்ட நாளிலிருந்து என்று சொன்னால் அந்த நாளை விட்டுவிட்டு எண்ண வேண்டும் என்று 1897-ஆம் ஆண்டின் பொதுப் பிரிவுகள் சட்டத்தின் 9-வது பிரிவு சொல்கிறது. அது மத்தியச் சட்டங்களைப் படிப்பதற்கான விதிதான் என்றாலும் ஒப்பந்தங்களையும் பொதுவாக இப்படித்தான் எண்ணுவார்கள். ப்ரொபேஷன் விஷயம் வேறு. சேர்ந்த நாளிலேயே வேலை பார்த்துவிடுகிறோம், அதனால் அது முதல் நாளாகவே கணக்கில் வரும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் எங்கேயாவது ஒரு நாள் உதைக்கும்.

ஐந்தாம் நாள் பதில் வந்தது: கடைசி நாள் செப்டம்பர் 16. முதலில் தட்டச்சுப் பிழை என்றுதான் நினைத்தேன். போன் போட்டால், "சார், நம்ம பாலிசில டேஸ்னா வொர்க்கிங் டேஸ்தான்" என்றார் எச்.ஆர். மேடம். அந்த பாலிசியை அனுப்புங்கள் என்றதற்கு, "அது இன்டர்னல் சார்" என்று முடித்துவிட்டார். எனக்குப் பொருந்தும் பாலிசியை எனக்கே காட்ட மாட்டார்களாம்.

அவர் போட்ட கணக்கு சரியா என்று எக்செல்லில் போட்டுப் பார்த்தேன். விடுமுறை நாள்களை H2, H3 கட்டங்களில் கொடுத்தேன்:

```
=DATE(2024,8,1)+30
=WORKDAY(DATE(2024,8,1),30,H2:H3)
```

முதல் வரி ஆகஸ்ட் 31 என்று காட்டும். இரண்டாவது, கட்டத்தைத் தேதி வடிவத்துக்கு மாற்றினால், செப்டம்பர் 16 என்று காட்டும். ஆக, அவர் எண்ணியதில் தப்பில்லை, எண்ண எடுத்துக்கொண்ட நாள்தான் தப்பு. சனிக்கிழமையும் வேலை உள்ளவர்கள் WORKDAY-க்குப் பதில் WORKDAY.INTL போட்டு, நாள் எண்ணிக்கைக்கு அடுத்து 11 என்று கொடுத்தால் ஞாயிறு மட்டும் கழியும். NETWORKDAYS-ஐ வைத்துச் சரிபார்க்கிறவர்கள் கவனம்: அது தொடக்க நாளையும் சேர்த்து எண்ணும், ஒன்று கூடுதலாகக் காட்டும். எனக்கு 31 என்று வந்து அரை மணி நேரம் போனது.

அந்த H3-இல் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஆகஸ்ட் 15 எல்லோருக்கும் விடுமுறை. ஆகஸ்ட் 16 புதுச்சேரிக்கு மட்டும், 1962-இல் பிரான்ஸிடமிருந்து சட்டப்படி இந்தியாவுக்கு மாறிய நாள். நவம்பர் 1-ம் அப்படித்தான், விடுதலை நாள். 2024-இல் ஆகஸ்ட் 16 வெள்ளிக்கிழமை. எங்கள் ஆபீஸ் பட்டியலில் அது விடுமுறை, சென்னைப் பட்டியலில் வேலை நாள். சென்னைப் பட்டியலை வைத்து எண்ணினால் கடைசி நாள் செப்டம்பர் 13, புதுச்சேரிப் பட்டியலை வைத்தால் 16. வேலை நாள் என்றுதான் ஆர்டரில் போடுவார்கள் என்றால், எந்த ஊர் விடுமுறைப் பட்டியல் என்பதையும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமையில் முடிய வேண்டியது திங்கட்கிழமைக்குப் போய் நிற்கும்.

நடுவில் ஒரு வீண் அலைச்சல். வீடு கடலூர் என்பதால் கடலூரில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போய் உட்கார்ந்தேன். ஆர்டரைப் புரட்டிப் பார்த்தவர், "வேலை பார்த்த இடம் பாண்டியா? அங்கதான் போகணும்" என்று அதே நிமிடம் திருப்பிக் கொடுத்தார். அவர் சொன்னது சரிதான். தமிழ்நாட்டின் 1947-ஆம் ஆண்டு கடைகள், நிறுவனங்கள் சட்டம் முள்ளோடையோடு நின்றுவிடுகிறது, அந்தப் பக்கம் புதுச்சேரிக்குத் தனிச் சட்டம். தினமும் பஸ்ஸில் அந்த எல்லையைத் தாண்டுகிறவன் இதை யோசிக்காமல் அரை நாள் லீவைப் போட்டேன்.

கடைசியில் புதுச்சேரி அலுவலகத்துக்கும் போகத் தேவைப்படவில்லை. கையில் இருந்த காகிதங்களே போதுமாக இருந்தன.

முதலாவது, அதே ஆர்டரின் லீவு பிரிவு. லீவுக்கு 'மூன்று வொர்க்கிங் டேஸ்' முன்பே விண்ணப்பிக்க வேண்டும் என்று அங்கே இருந்தது. அதாவது வேலை நாள் என்று எழுத வேண்டிய இடத்தில் அப்படி எழுத அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நோட்டீஸ் பிரிவில் வெறும் 'டேஸ்' என்று விட்டதற்கு வேறு அர்த்தம் சொல்ல முடியாது. சட்டம் எழுதுகிறவர்களும் இப்படித்தான் பிரித்து எழுதுகிறார்கள். வேலையிலிருந்து நீக்கப்பட்டவருக்கு 'இரண்டாவது வேலை நாள்' முடிவதற்குள் சம்பளப் பாக்கியைக் கொடுக்க வேண்டும் என்றது 1936-ஆம் ஆண்டு சம்பளப் பட்டுவாடா சட்டம். அதற்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பும், ராஜினாமா செய்தவரையும் சேர்த்து, 'இரண்டு வேலை நாள்' என்கிறது.

இரண்டாவது காகிதம்தான் உண்மையில் வேலை செய்தது: கன்ஃபர்மேஷன் லெட்டர். ஜூலையில் மெயிலில் வந்தது, நான் திறந்துகூடப் படிக்கவில்லை. '180 நாள் ப்ரொபேஷன் 05-07-2024 அன்று நிறைவடைந்ததால்' என்று அதில் இருந்தது. ஜனவரி 8-ஐ முதல் நாளாக வைத்து, சனி ஞாயிறு எதையும் விடாமல் விரலை மடக்கினால் 180-வது நாள் சரியாக ஜூலை 5. அதாவது ப்ரொபேஷனுக்கு அவர்களே காலண்டர் நாளைத்தான் எண்ணியிருக்கிறார்கள்.

இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். டேஸ் என்றால் வேலை நாள்தான் என்றே வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு ஐந்து என்றால் 180 வேலை நாளுக்கு 36 வாரம் வேண்டும். ஒரு விடுமுறையைக்கூடக் கழிக்காமலே அது செப்டம்பர் 13 வரை போகிறது. அப்படியானால் ஆகஸ்ட் 1-இல் நான் ப்ரொபேஷனில்தான் இருந்தேன், எனக்குப் பொருந்துவது 15 நாள் நோட்டீஸ். அந்த 15-ஐயும் வேலை நாளாகவே எண்ணினால், 15, 16 இரண்டு விடுமுறையையும் தள்ளி, முடிவது ஆகஸ்ட் 26. அவர்கள் வழியிலேயே போனால் நான் கேட்டதைவிட ஐந்து நாள் முன்னாலேயே விடுதலை! ப்ரொபேஷனை முடிக்கக் காலண்டர் நாள், நோட்டீஸை நீட்ட வேலை நாள் என்று ஒரே ஆர்டரில் ஒரே சொல்லுக்கு இரண்டு அர்த்தம் வைத்தால் மட்டும்தான் செப்டம்பர் 16 வரும்.

மூன்றாவது பே ஸ்லிப். ஜூலை ஸ்லிப்பில் 'பெய்டு டேஸ் 31' என்று இருந்தது, அதாவது அங்கேயும் காலண்டர் நாள்தான். இது பணத்தில் போய் இடிக்கும் இடம் என்பதால் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். ஆகஸ்ட் 31-உடன் போனால் செப்டம்பர் 2 முதல் 16 வரை 11 வேலை நாள் குறைவு, அதற்குப் பிடித்தம் என்றார்கள். மாதச் சம்பளம் 33,000 ரூபாய் என்று வையுங்கள். 30-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 1,100, 11 நாளுக்கு 12,100. 22-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 1,500, மொத்தம் 16,500. எந்த எண்ணால் வகுக்கிறீர்கள் என்று எழுத்தில் கேட்டேன். 30 என்று பதில் வந்தது. ஒரு நாள் சம்பளத்துக்கு மாதம் 30 நாள், நோட்டீஸுக்கு மட்டும் மாதம் 46 நாளா என்று திருப்பி எழுதினேன். அதற்கு இன்றுவரை பதில் இல்லை.

எல்லாவற்றையும் ஒரே மெயிலில், நான்கு பத்தியில், மூன்று இணைப்புடன் அனுப்பினேன். கோபத்தைக் காட்டவில்லை, சட்டப் பிரிவுகளை அடுக்கவும் இல்லை. 180-க்கு ஒரு வரி, 30-க்கு ஒரு வரி என இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, 'இரண்டுக்கும் ஒரே முறையில் எண்ணித் தேதியை உறுதி செய்யவும்' என்று முடித்தேன். போனில் பேசியிருந்தால் பாலிசி, பாலிசி என்றே ஓட்டியிருப்பார்கள்.

மூன்றாம் நாள் ஒத்துக்கொண்டார்கள். ஆனாலும் ஒரு கடைசி முயற்சி: ஆகஸ்ட் 31 சனிக்கிழமை, அதனால் ரிலீவிங் திங்கட்கிழமை செப்டம்பர் 2 என்றார்கள். கோர்ட்டிலோ அலுவலகத்திலோ செய்ய வேண்டிய காரியத்தின் கடைசி நாள் விடுமுறையில் விழுந்தால்தான் அடுத்த நாளுக்குத் தள்ளும் வழக்கம். நோட்டீஸ் தானாக முடிகிறது, அதில் யாரும் எதையும் செய்ய வேண்டியதில்லை, ஞாயிற்றுக்கிழமையிலும் முடியும். வெள்ளிக்கிழமை 30-ஆம் தேதியே பொருள்களை ஒப்படைத்துவிட்டேன், லெட்டரில் மட்டும் 31 போடச் சொன்னேன்.

உங்கள் ஆர்டரில் 30 நாள் என்பதற்குப் பதில் 'ஒரு மாதம்' என்று இருந்தால் இந்தச் சண்டை பெரும்பாலும் வராது, ஆனால் தேதி மாறும். மாதம் என்றால் அடுத்த மாதத்தின் அதே தேதி. ஆகஸ்ட் 1-இல் கொடுத்தால் செப்டம்பர் 1. மூன்று மாதம் என்பது 90 நாள் அல்ல என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் ஹிமாச்சல் டெக்னோ எஞ்சினியர்ஸ் வழக்கில், அது நடுவர் தீர்ப்புச் சட்டம் பற்றிய வழக்கு என்றாலும், தெளிவாகவே சொல்லியிருக்கிறது. மூன்று மாத நோட்டீஸ் உள்ளவர்கள் 90 என்று எண்ணி ஒன்றிரண்டு நாள் முன்னால் கிளம்பிவிடாதீர்கள்.

ரிலீவிங் லெட்டர் 31-08-2024 என்ற தேதியோடு வந்தது. அதோடு முடிந்தது என்று நினைத்து, அக்டோபரில் பி.எஃப். தளத்தில் சர்வீஸ் ஹிஸ்டரியைத் திறந்தேன். வெளியேறிய தேதி 16-09-2024 என்று இருந்தது. பழைய கணக்கை யாரோ அப்படியே ஏற்றியிருக்கிறார்கள். புது கம்பெனியில் சேர்ந்த தேதி செப்டம்பர் 2, ஆக இரண்டு வாரம் இரண்டு இடத்திலும் வேலை பார்த்ததாக ஆகிவிட்டது. பி.எஃப். மாற்றும்போது இந்த மாதிரி தேதிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் அப்போதெல்லாம் கிளெய்ம் இழுத்தடிக்கும். ரிலீவிங் லெட்டரை இணைத்து மறுபடி ஒரு மெயில், நானும் பழைய கம்பெனியும் சேர்ந்து கொடுக்கும் திருத்த விண்ணப்பம், அப்புறம்தான் அந்த 16 என்ற எண் 31 ஆனது.