ஐம்பது ரூபாய் கைமுறுக்கு

காரைக்குடியில் ஒரு பலகாரக் கடை கவுண்டரில் சில வருடங்கள் நின்றேன். ஒரு சமயம், பில் ஒன்றுக்குச் சராசரி எவ்வளவு வருகிறது என்று முதலாளி தினமும் பார்க்கத் தொடங்கினார். அதைக் கூட்டுவதற்காக, வருகிற ஒவ்வொருவரிடமும் "தேன்குழல் போடவா, மாவுருண்டை போடவா" என்று கேட்டுக்கொண்டே இருந்தோம்.

முன்பு ஒரு நாளைக்கு 100 பில், 20,000 ரூபாய், சராசரி 200. அந்த மாதம் சராசரி 220 ஆனது. முதலாளிக்குச் சந்தோஷம். எனக்கு என்னவோ கடை வெறிச்சென்று தெரிந்தது. பில் புத்தகத்தை எண்ணிப் பார்த்தேன். 80 பில்தான், மொத்தம் 17,600. சின்ன பில்கள் காணாமல் போனதால்தான் சராசரி ஏறியிருந்தது.

பேரனுக்காக ஐம்பது ரூபாய்க்குக் கைமுறுக்கு வாங்கும் ஆச்சி ஒருவரைச் சந்தையில் பார்த்தேன். "ஏன் ஆச்சி கடைப்பக்கமே காணோம்?" என்றேன். "அம்பது ரூவாயோட உள்ள வந்தா ஏதோ குறைச்சலா வாங்குற மாதிரி இருக்குப்பா" என்றார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அப்புறம் முறையை மாற்றினோம். கேட்ட பலகாரத்தை எடை போட்டுக் கட்டிய பிறகு, பில் போடும் முன், ஒரே ஒரு தடவை கேட்பது. அதுவும் எல்லோரிடமும் இல்லை. வெளியூருக்கு எடுத்துப் போகிறவர்களிடம் மட்டும். "எத்தனை நாள் வச்சிருப்பீங்க?" என்று கேட்டால் பதிலிலேயே விஷயம் வந்துவிடும். பத்து நாள் என்றால் சீப்புச் சீடையில் இரண்டு எடுத்து ருசி பார்க்கக் கொடுப்போம். வேண்டாம் என்றால் பேச்சை அத்தோடு விட்டுவிடுவோம்.

அவர்களுக்காகவே ஒரு பெட்டியும் போட்டோம். தேன்குழல், சீப்புச் சீடை, மாவுருண்டை, மூன்றிலும் கால் கிலோ. தனித்தனியாக வாங்கினால் 100, 100, 120. பெட்டி 300. பக்கத்திலேயே தனி விலையையும் எழுதி வைத்தோம், ஒன்று மட்டும் போதும் என்பவர் தயங்காமல் கேட்பதற்காக. எப்படியும் மூன்றையும் வாங்க இருந்தவரிடம் நமக்கு 20 ரூபாய் நஷ்டம்தான். தேன்குழலுக்கு மட்டும் வந்தவர் பெட்டி எடுத்தால், 30 ரூபாய் லாபம் கிடைக்க வேண்டிய இடத்தில் 90 கிடைக்கும். அதனால் பெட்டி எடுப்பவர் முதலில் கேட்டது ஒன்றா மூன்றா என்று பில்லின் பின்னால் குறித்து வைத்தேன். முக்கால்வாசி ஒன்று கேட்டவர்கள்தான், அதனால் பெட்டியைத் தொடர்ந்தோம்.

முதலில் அதிரசத்தையும் சேர்த்திருந்தோம். அதன் ஈரப்பதம் ஏறி, இரண்டே நாளில் தேன்குழல் நமுத்துப் போனது. புகார் வந்ததும் எடுத்துவிட்டோம்.

மூன்று மாதம் கழித்து 104 பில், 23,400 ரூபாய், சராசரி 225. முதலாளியிடம் காட்டும்போது பில் எண்ணிக்கையைத்தான் முதலில் காட்டினேன். அதில் ஆச்சியின் ஐம்பது ரூபாய் பில்லும் இருந்தது.