பொங்கல் லீவும் பாய் பெயர் போட்ட ஆட்டோ ரிப்ளையும்

ஆம்பூரில் ஷூ எக்ஸ்போர்ட் ஆபீஸில் இருப்பவர்களுக்குப் பொங்கல் வாரம் தனி அவஸ்தை. நமக்கு போகி, மாட்டுப் பொங்கல் என்று வரிசையாக லீவு. ஜெர்மனியில் ஹாம்பர்க்கில் உட்கார்ந்து நம் ஷூவை வாங்கும் பையருக்கு அது சாதாரண புதன், வியாழன், வெள்ளி. கிறிஸ்துமஸுக்கு மூடிய ஆபீஸைத் திறந்து, தேங்கிய வேலையை அவர்கள் மும்முரமாக முடிக்கும் நேரமே அதுதான்.

இந்த ஜனவரியில் எனக்கு வந்த சிக்கல் இது. கோடைக்கால லோஃபர் ஆர்டர் ஒன்று, ஒரு நாற்பது அடி கன்டெய்னர். ஃபேக்டரியிலேயே சரக்கை ஏற்றி ஸ்டஃபிங் முடித்து, சீல் போட்டு, 13-ம் தேதி இரவு சென்னைத் துறைமுகத்துக்கு அனுப்பிவிடலாம். கப்பல் கிளம்புவது 17-ம் தேதி. நடுவில், கப்பலில் சரக்கை அனுப்ப ஏற்பாடு செய்யும் ஃபார்வர்டரிடமிருந்து டிராஃப்ட் பி.எல்., அதாவது கப்பல் சரக்கு ரசீதின் வரைவு, வரும். அதைப் பார்த்து, சரக்கைப் பெறும் கன்சைனி, சரக்கு வந்ததும் தகவல் போக வேண்டிய நோட்டிஃபை பார்ட்டி, கார்ட்டன் எண்ணிக்கை, எடை எல்லாம் சரியென்று ஓகே சொன்னால்தான் ஒரிஜினல் அடிப்பார்கள். அடித்த பிறகு திருத்தினால் அமெண்ட்மெண்ட் கட்டணம், தாமதம், பையரிடம் பேச்சு. அந்த டிராஃப்ட் வரப்போகிற நாளில் நான் ஊரில் இருக்க மாட்டேன்.

எங்கள் செக்‌ஷனில் டாக்குமெண்ட் வேலையெல்லாம் தெரிந்தவர் பாய். பொங்கலுக்கு அவர் வருவார், ரம்ஜானுக்கு நான் இருப்பேன், இது பழைய ஏற்பாடு. ஆனால் லீவு நாளில் வரும் மெயிலுக்குத் தானாகப் போகும் ஆட்டோ ரிப்ளையில் அவர் பெயரைப் போடுவதற்கு முன் உட்கார்ந்து பேசினோம். “தம்பி, என் பேரைப் போடு, பரவாயில்ல. ஆனா எதுக்கு அவசரம்னு எழுதிப் போடு. இல்லேன்னா விலை குறைக்கச் சொல்லி எனக்கு மெயில் வரும்” என்றார். நியாயம்தான். விலையும் டெலிவரி தேதியும் பையரோடு ஆர்டரைப் பேசும் மெர்ச்சண்டைசர் முடிவு. அவற்றில் அவர் வாயைத் திறக்க முடியாது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஆர்டரில் பேக்கிங் அல்லது கார்ட்டன் மார்க்கிங் மாற்றம், கப்பலுக்குச் சரக்கு சேர வேண்டிய கடைசி நேரமான கட்-ஆஃப் மாற்றம், பி.எல். திருத்தம் ஆகிய மூன்று மட்டும்தான் அவரிடம் போகும் என்று முடிவு செய்தோம். புது விசாரிப்பு, சாம்பிள், விலை எல்லாம் நான் வரும்வரை காத்திருக்கும்.

மெயிலை ஆங்கிலத்தில்தான் எழுதினோம். அதன் சாரம் தமிழில் இது: “ஜனவரி 14 முதல் 18 வரை நான் விடுப்பில் இருக்கிறேன், 19 திங்கள் திரும்புவேன். இந்த நாட்களில் என் மெயிலைப் பார்க்க மாட்டேன். நடப்பு ஆர்டரில் பேக்கிங் மாற்றம், கட்-ஆஃப் மாற்றம், பி.எல். திருத்தம் என்றால் இன்னாருக்கு எழுதவும். சப்ஜெக்டில் பி.ஓ. எண்ணை, அதாவது ஆர்டர் எண்ணைப் போட்டு, இணைப்புகளையும் மறுபடி சேர்த்து அனுப்பவும். அவர் இந்திய நேரம் காலை 9:30 முதல் மாலை 6:30 வரை இருப்பார், அதாவது ஜெர்மன் நேரம் காலை 5 முதல் பகல் 2 வரை. மற்ற விஷயங்களுக்கு நான் 19-ம் தேதி பதில் எழுதுகிறேன்.”

இதில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த நேரக் கணக்கு. ஜனவரியில் ஜெர்மனி நமக்கு நாலரை மணி நேரம் பின்னால். அங்கே மதியச் சாப்பாடு முடித்து வந்து எழுதுகிற மெயில் இங்கே மறுநாள்தான் திறக்கப்படும். இதை நேராகச் சொல்லிவிட்டால், அவசரமானவர் காலையிலேயே எழுதிவிடுவார். மாதத்தை எழுத்தில் எழுதியதும் வேண்டுமென்றேதான். 18/01 என்று போடலாம், ஆனால் 05/02 மாதிரி ஒரு தேதி வந்தால் அமெரிக்காக்காரர் அதை மே 2 என்று படிப்பார். “மெயிலை அவ்வப்போது பார்ப்பேன்” என்ற வழக்கமான வரியை எடுத்துவிட்டேன். அதைப் படித்தவர் பாய்க்கு எழுதாமல் எனக்காகவே காத்திருப்பார்.

எங்களுடையது அவுட்லுக். மேலே File-ஐ அழுத்தினால் Automatic Replies இருக்கிறது. புதிய அவுட்லுக்கில் Settings-க்குள் Accounts பகுதியில் இருக்கும். அங்கே Only send during this time range என்பதை டிக் செய்து, 13 மாலை 6:30 முதல் 19 காலை 9 வரை என்று வைத்தேன். நேரம் முடிந்ததும் அதுவாகவே நின்றுவிடும். அதில் இரண்டு தாவல்கள் உண்டு. Inside My Organization என்பது நம் கம்பெனி ஆட்களுக்கு, Outside My Organization என்பது வெளியாருக்கு. முதலாவதில் எழுதியது இரண்டாவதுக்குத் தானாகப் போகாது. வெளித் தாவலைத் திறந்து, அங்கேயும் அனுப்பு என்று டிக் செய்து, தனியாக எழுத வேண்டும். பையர், ஃபார்வர்டர், சுங்க வேலையைப் பார்க்கும் சி.எச்.ஏ. எல்லோரும் வெளியார்தான். உள்தாவலை மட்டும் நிரப்பினால் பக்கத்து மேஜைக்காரருக்குப் பதில் போகும், ஹாம்பர்க்குக்குப் போகாது.

வெளித் தாவலில் My Contacts only என்றும், Anyone outside my organization என்றும் இரண்டு தேர்வு. முதலாவது பாதுகாப்பு, ஆனால் பையர் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்தவர் எழுதினால் அவருக்குப் பதில் போகாது. நான் எல்லோருக்கும் என்பதையே வைத்தேன். அதற்குப் பதிலாக வெளிச் செய்தியில் மொபைல் எண் எதையும் போடவில்லை. இன்னார் இல்லை, இன்னார் பார்க்கிறார், இன்ன தேதிவரை என்பதே ஏமாற்றுக்காரனுக்குப் போதுமான தகவல். பையருக்கு நம் பெயரில் ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது’ என்று போலி மெயில் அனுப்புகிறவர்கள் இந்த மாதிரி நேரத்தைத்தான் பார்க்கிறார்கள். பாயின் மொபைல் எண் உள்தாவலில் மட்டும்.

போட்டு முடித்ததும் அடுத்த மேஜையிலிருந்து ஒரு மெயில், என் சொந்த ஜிமெயிலிலிருந்து ஒரு மெயில் அனுப்பிப் பார்த்தேன். சோதனைக்காகத் தொடக்க நேரத்தை அப்போதைக்கே வைத்து, அப்புறம் மாற்றிக்கொண்டேன். இரண்டுக்கும் பதில் வந்தது, இரண்டும் வேறு வேறு செய்தி. அது போதும் என்று விட்டிருந்தால் வேலை பாதிதான் முடிந்திருக்கும்.

ஏனென்றால் அவுட்லுக் ஒருவருக்கு ஒரு தடவைதான் பதில் அனுப்பும். ஆட்டோ ரிப்ளை ஓடும் காலம் முழுக்க அதே ஆள் எத்தனை மெயில் எழுதினாலும் இரண்டாவது பதில் கிடையாது. ஜிமெயிலில் Vacation responder கொஞ்சம் வேறு மாதிரி. அதே ஆள் நான்கு நாள் கழித்து எழுதினால் மறுபடி அனுப்பும். எப்படியானாலும் முதல் நாள் ஏதோ சாம்பிள் போட்டோ கேட்டு எழுதியவர், பதிலைப் பார்த்துவிட்டு மறந்துபோய், மூன்றாம் நாள் நிஜமான அவசரத்துக்கு எனக்கே எழுதினால், அவருக்கு எதுவும் நினைவூட்டாது. மெயிலும் என் பெட்டியிலேயே தூங்கும்.

அதனால் முக்கியமானவர்களின் மெயில் தானாகவே பாயிடம் போக ஒரு ரூல் போட்டேன். Rules-க்குள் போய், அனுப்பியவர் முகவரியில் குறிப்பிட்ட சொற்கள் இருந்தால் என்ற நிபந்தனையில், மெயில் முகவரியில் @-க்குப் பின்னால் வரும் டொமைன் பெயரை, அந்த பையருடையதையும் ஃபார்வர்டருடையதையும், கொடுத்தேன். ஒரே நிபந்தனைக்குள் இரண்டையும் கொடுத்தால் ஏதாவது ஒன்று பொருந்தினாலே ரூல் வேலை செய்யும். வேறு வேறு நிபந்தனைகளைச் சேர்த்தால் எல்லாமே ஒருசேரப் பொருந்த வேண்டும். செயலாக forward வைக்காமல் redirect வைத்தேன். ஃபார்வர்ட் செய்தால் மெயில் என்னிடமிருந்து வந்ததாகப் பாய்க்குத் தெரியும், அவர் ரிப்ளை அழுத்தினால் பதில் எனக்கே வரும், பையருக்குப் போகாது. ரீடைரக்டில் பையர் பெயரிலேயே வந்து நிற்கும், நேரே பதில் போடலாம்.

சி.எச்.ஏ.வுக்கும் ஃபார்வர்டரின் சென்னை ஆபீஸுக்கும் 12-ம் தேதியே தனியாக எழுதி, போனிலும் சொல்லிவிட்டேன். அவர்கள் ஒரு நாளைக்கு எத்தனை ஆட்டோ ரிப்ளை பார்ப்பார்கள்! படிக்காமலே அழிப்பது அவர்கள் தொழில் பழக்கம், குறை சொல்ல முடியாது. ஷிப்பிங் லைனின் சிஸ்டத்திலிருந்து வரும் மெயில்களுக்கு நாம் எழுதும் பதிலைப் படிக்க அந்தப் பக்கம் ஆளே கிடையாது. அதனால் இந்த ஷிப்மெண்டின் மெயில் எல்லாவற்றிலும் பாயை சி.சி. வைக்கச் சொன்னேன்.

நடந்தது என்னவென்றால், 14-ம் தேதி பையர் தரப்பில் ஒருவர் அடுத்த சீசன் நிறம் பற்றி ஒரு கேள்வி அனுப்பினார். ஆட்டோ ரிப்ளை போனது. அவசரமில்லை, அவரும் விட்டுவிட்டார். 16-ம் தேதி அதே மனிதர், அதே என் முகவரிக்கு, ஹாம்பர்க்கில் சரக்கை எடுக்கும் ஏஜென்ட் மாறிவிட்டார், நோட்டிஃபை பார்ட்டியைத் திருத்துங்கள் என்று எழுதியிருக்கிறார். சப்ஜெக்டில் பி.ஓ. எண் இல்லை, பழைய மெயில் தொடரிலேயே பதிலாக வந்தது. அவருக்கு இந்த முறை ஆட்டோ ரிப்ளை போகவில்லை. ரூல் மட்டும் அதைப் பாயிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. அன்று காலைதான் டிராஃப்ட் பி.எல். வந்திருந்தது, அவர் இன்னும் ஓகே சொல்லவில்லை. திருத்தத்தோடு சேர்த்து ஃபார்வர்டருக்கு அனுப்பி, திருத்திய டிராஃப்டை பையருக்கும் காட்டி, கூடுதல் செலவில்லாமல் முடித்துவிட்டார். எனக்குப் போன் வரவில்லை. திரும்பிய பிறகுதான் தெரியும்.

சப்ஜெக்டில் பி.ஓ. எண் இருந்தால் மட்டும் அனுப்பு என்று ரூலை வைத்திருந்தால் இந்த மெயில் நழுவியிருக்கும். டொமைனை வைத்ததால் நிறம் பற்றிய கேள்வி மாதிரி அவசியமில்லாததும் பாயிடம் போனது உண்மைதான். அவருக்குத் தொல்லை கொஞ்சம், ஆனால் அதைத் தள்ளிவிட அவருக்கு ஒரு நிமிடம் ஆகாது.

19 காலை ஆட்டோ ரிப்ளை தானாக நின்றது. ரூலுக்கு நான் தேதி வரம்பு கொடுக்கவில்லை, அதனால் அது ஓடிக்கொண்டே இருந்தது. வந்ததும் முதல் வேலையாக அதன் டிக்கை எடுத்தேன், ரூலை அழிக்கவில்லை. ரம்ஜானுக்குப் பாய் மெயில்பாக்ஸில் இதே மாதிரி ஒன்று போட வேண்டும். அவருக்கு ஷிப்பிங் லைன் சிஸ்டத்திலிருந்து வரும் மெயில்தான் அதிகம், அந்த டொமைன்களின் பட்டியலை இப்போதே வாங்கி வைத்திருக்கிறேன்.