மூன்று கடைகளையும் மூடிப் பார்த்தோம்

மே 4, ஞாயிறு

இட்லி மாவு, மரச்செக்கு, தேர்வுக்குப் படிப்பவர்கள் காசு கொடுத்து உட்கார்ந்து படிக்கும் படிப்பகம். ஆறு மாதமாகப் பேசிப் பேசி இந்த மூன்றில் வந்து நிற்கிறோம். கையில் எட்டு லட்சம். ஒன்றைத்தான் தொடங்க முடியும். எது ஓடும் என்று கேட்டால் மூன்றுமே ஓடும் என்று மச்சான் ஒரு மணி நேரம் பேசுவார். அதனால் இன்று கேள்வியைத் திருப்பிப் போட்டேன்.

கேரி கிளைன் என்ற உளவியலாளர் 2007இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் எழுதிய ‘ப்ரீ-மார்ட்டம்’ முறை இது. “என்னவெல்லாம் தப்பாகலாம்?” என்று கேட்டால் நாம் மழுப்புவோம். அதனால் கடை படுத்தே விட்டது என்று வைத்துக்கொண்டு, ஏன் படுத்தது என்று மட்டும் எழுத வேண்டும். நாங்கள் வைத்த தேதி ஒரு வருடம் கழித்து, 2026 மே 4. ஒவ்வொரு கடைக்கும் ஐந்து நிமிடம், ஆளுக்கொரு தாள், பேச்சு கிடையாது. படிக்கும்போது முதலில் மனைவி, கடைசியில் மச்சான். அவர் முதலில் வாயைத் திறந்தால் மற்ற இருவரும் தாளை மடித்து வைத்துவிடுவோம்.

மாவுக்கு 17 காரணங்கள் வந்தன, செக்குக்கு 9. படிப்பகத்துக்கு வெறும் மூன்று. “அப்புறமென்ன மாப்பிள்ளை, படிப்பகம்தான்” என்றார் மச்சான்.

மே 7, புதன்

எனக்கு அந்த மூன்று உறுத்திக்கொண்டே இருந்தது. மனைவி 20 வருடமாக மாவு ஆட்டுகிறாள். அது எங்கெங்கே கெடும் என்று அவளுக்குத் தெரியும். படிப்பகத்துக்குள் எங்களில் ஒருவரும் கால் வைத்ததில்லை. எங்கள் அறியாமைதான் பட்டியலை அத்தனை சிறியதாகக் காட்டியது.

இன்று பக்கத்து ஊரில் ஒரு படிப்பகம் நடத்துபவரைப் போய்ப் பார்த்தேன். குரூப் 4 தேர்வு முடிந்த மறுவாரம் பாதி நாற்காலி காலியாம். வாடகையும் ஏசி கரண்ட் பில்லும் மட்டும் அப்படியே வருமாம். திரும்பி வந்து மறுபடி எழுதினோம். 14 காரணங்கள்.

எண்ணிக்கையைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால், நமக்குத் தெரியாத தொழில்தான் எப்போதும் ஜெயிக்கும்.

மே 11, ஞாயிறு

முதல் வேலையாக மூன்று பட்டியலிலும் இருந்ததை அடித்தோம். ‘எங்களுக்குள் சண்டை’, ‘அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போய் ஆள் இல்லை’ போன்றவை. அவை நிஜமான பயங்கள்தான், ஆனால் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு உதவாது.

மீதி ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரே கேள்வி: இப்படித்தான் படுக்கப்போகிறது என்பது எத்தனை நாளில், எவ்வளவு செலவில் நமக்குத் தெரியும்?

செக்கு அடி வாங்கியது இங்கேதான். ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு இரண்டேகால் முதல் இரண்டரை கிலோ பருப்பு வேண்டும். அறுவடையில் விலை இறங்கும்போது மொத்தமாக வாங்கி அடுக்கினால்தான் கட்டுபடியாகும். எட்டு லட்சத்தில் பெரும்பகுதி மூட்டையாக உட்கார்ந்துவிடும். அதில் பூஞ்சை பிடித்ததா, விலை சரிந்ததா என்பது தெரிய ஆறு மாதம் ஆகும். தெரியும்போது பணமும் போயிருக்கும்.

படிப்பகத்துக்கு ஒரு தேர்வு வந்து போக வேண்டும், அதுவும் அட்வான்ஸ் கொடுத்த பிறகு. மாவுக்குப் பத்து நாள் போதும், வீட்டுக் கிரைண்டரே போதும்.

மே 23, வெள்ளி

மூன்று கடைகளுக்கு தினமும் பத்துப் பத்து பாக்கெட், பத்து நாள். மொத்தம் 300. அடக்கம் 28 ரூபாய், கடைக்கு 40. விற்றது 236, திரும்பி வந்தது 64. லாபம் 2,832, வீணானது 1,792. மிச்சம் 1,040 ரூபாய். மச்சான் கால்குலேட்டரை இரண்டு தடவை தட்டிப் பார்த்தார்.

ஆனால் 64இல் 51 இரண்டே கடைகளிலிருந்து. பாக்கெட் புஸ்ஸென்று உப்பி, புளித்த வாடை. “அவங்க ராத்திரி ஃப்ரிட்ஜை அணைச்சிடறாங்க” என்று மனைவி முதல் நாள் தாளிலேயே எழுதியிருந்தாள். ஒரு பாக்கெட்டுக்குப் பக்கத்தில் தெர்மாமீட்டர் வைத்துவிட்டு, காலை ஆறு மணிக்கு ஷட்டர் தூக்கும்போது போய்ப் பார்த்தேன். 17 டிகிரி. கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது, கரண்ட் பில் அவருடையது.

மே 25, ஞாயிறு

17 காரணங்களை எடுத்துவைத்து, ‘கடைக்குப் போடுவதில்லை, வீட்டு வாசலில் மாலை 5 முதல் 8 வரை நாமே விற்கிறோம்’ என்று மாற்றிப் படித்தோம். பதினொன்று தானாகவே விழுந்தது. புதிதாக இரண்டு முளைத்தன: மழைக்கால மாலைகள், தெருவுக்கு வெளியே நம்மை யாருக்கும் தெரியாது என்பது.

மாவுதான் என்று முடிவு. இந்த ப்ரீ-மார்ட்டம் முறை, மாவு ஓடும் என்று சொல்லவில்லை. படுத்தால் சீக்கிரம், கொஞ்சப் பணத்தோடு படுக்கும் என்றுதான் சொல்கிறது. மச்சானுக்கு இதில் திருப்தியில்லை, அவருக்குச் செக்கு மேல் இன்னும் ஆசை. ஆகஸ்ட் 31க்குள் தினமும் 40 கிலோ போகாவிட்டால் நிறுத்துவது என்று எழுதி மூவரும் கையெழுத்துப் போட்டோம். தாள் இப்போது ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது.