டொக்டர் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு

பொகவந்தலாவைப் பக்கம் எங்கள் லயத்துக்குக் கீழே பெரியம்மாவின் மாட்டுப் பட்டி இருக்கிறது. ஒரே ஒரு பிரீசியன் பசு. கன்று போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை, மடி வீங்கிவிட்டது. மிருக வைத்தியர் வந்து பார்த்து ஓர் ஊசி போட்டு, காம்புக்குள் ஏற்றும் ஆறு மருந்துக் குழாய்களையும் ஆங்கிலச் சீட்டு ஒன்றையும் கொடுத்துவிட்டுப் போனார். "வாசிச்சு எழுதித் தாம்மா" என்று பெரியம்மா அதை என்னிடம் நீட்டினார்.

ஐந்தே வரிதான். ஆனால் முதல் வரியே என்னைத் தடுத்தது. 'எல்.எச். குவாட்டர், ஐ.எம்.' என்று இருந்தது. ஐ.எம். என்றால் தசையில் போடும் ஊசி என்றுதான் நான் படித்திருக்கிறேன். எல்.எச். என்றால் இடது பின். குவாட்டர் என்பது மடியின் நாலு பாகத்தில் ஒன்று, அதைக் கால் என்று எழுதினால் பெரியம்மா பின்னங்காலைத்தான் பார்ப்பார். ஊகித்து எழுத மனம் வரவில்லை, டொக்டருக்கே போன் பண்ணினேன். ஊசி அவர் போட்டது மட்டும்தான், இனி ஊசி இல்லை, இங்கே ஐ.எம். என்றால் மடிக்குள் என்றுதான் பொருள், குழாய் மருந்து முழுவதும் காம்புத் துளை வழியாக மடிக்குள் போக வேண்டும் என்றார். அதனால் நான் எழுதியது இப்படி: "மாட்டின் வாலுக்குப் பின்னால் நின்று தலையைப் பாருங்கள். உங்கள் இடது கைப் பக்கம், பின் காம்பு. அதில் மட்டும்." பால் கறக்கப் பக்கவாட்டில் குந்தினால் இடம் வலம் குழம்பும், அதற்காகத்தான் நிற்கும் இடத்தையும் சேர்த்தேன்.

மருந்து ஏற்றும் முறையைச் சீட்டில் இரண்டு சொல்லில் முடித்திருந்தார். நான் அதை விரித்தேன். நல்ல மூன்று காம்புகளை முதலில் கறக்க வேண்டும், நோய்க் காம்பு கடைசி. அதில் உள்ள பாலை முழுக்கக் கறந்து தனியே ஊற்றி, கையைக் கழுவி, காம்பு நுனியை ஸ்பிரிட் பஞ்சால் துடைக்க வேண்டும். குழாயின் முனையைக் கொஞ்சம் மட்டும் நுழைத்து மருந்தை அழுத்தி, காம்பிலிருந்து மேல் நோக்கி மெதுவாகத் தடவிவிட வேண்டும். காலை ஆறு மணி, மாலை ஆறு மணி, ஒவ்வொரு தடவையும் புதுக் குழாய்.

தீவன வரியில் 'அட் லிப்' என்ற சொல் இருந்தது. முதலில் "வேண்டிய அளவு புல், தண்ணீர்" என்று எழுதினேன். பெரியம்மா கேட்டதும், "அதான் ரெண்டு கட்டு போடுறேனே" என்றார். அவருக்கு வேண்டிய அளவு, வழக்கமான அளவு! அடித்துவிட்டு, "முன்னால் புல்லும் தண்ணீரும் எந்நேரமும் தீரக் கூடாது" என்று மாற்றினேன். மாடு சரியாகத் தின்னாததால் புல்லைத் தவிர்த்த அடர்தீவனத்தை ஒரு நாளைக்கு 2 கிலோவாகக் குறைத்திருந்தார் டொக்டர். பட்டியில் தராசு ஏது? பெரியம்மா அளக்கும் பேணியைக் கடைக்குக் கொண்டுபோய் நிறுத்தோம், ஒரு பேணி அரைக் கிலோ. ஆக, காலை இரண்டு, மாலை இரண்டு. பால் கறந்த உடனே புல் போடச் சொல்லியிருந்தார் டொக்டர். அதற்குக் காரணத்தையும் எழுதினேன்: கறந்த பின் காம்புத் துளை கொஞ்ச நேரம் திறந்திருக்கும், மாடு படுத்தால் சாணத்திலிருந்து கிருமி ஏறும். தின்றுகொண்டிருந்தால் நிற்கும்.

கடைசி வரிதான் எனக்குப் பயமான வரி. 'கடைசி மருந்துக்குப் பின் 72 மணி நேரம் பாலைக் கொட்டவும்.' நான் "மூன்று நாள் சேகரிப்பு நிலையத்துக்குப் பால் ஊற்ற வேண்டாம்" என்று எழுதிவிட்டு, "எங்கே, திருப்பிச் சொல்லுங்க பெரியம்மா" என்றேன். "இன்னைக்குத் திங்கள், வியாழன் அந்திக்கு நோய்க் காம்பு தவிர மத்த பாலை ஊத்தலாம்" என்றார். இரண்டு பிழை! இரண்டுக்கும் காரணம் என் எழுத்துதான். மூன்று நாளையும் அவர் மருந்து தொடங்கிய நேரத்திலிருந்து எண்ணிவிட்டார். அதோடு, ஒரு காம்பில் ஏற்றிய மருந்து இரத்தம் வழியாக மற்றக் காம்புகளின் பாலிலும் வரக்கூடும், அதனால் நாலு காம்புப் பாலையுமே கொட்ட வேண்டும். காய்ச்சினாலும் அந்த மருந்து முழுவதும் போகாது. அந்தப் பாலில் தயிர்கூட ஒழுங்காக உறையாது என்றதும் பெரியம்மா தலையாட்டினார். கன்றுக்கும் அதைக் கொடுக்கக் கூடாது என்று கூடவே எழுதினேன்.

அப்புறம் மணிக்கணக்கை விட்டுவிட்டுக் கிழமைகளாகவே எழுதினேன். திங்கள் மாலை முதல் குழாய், வியாழன் காலை ஆறாவது. அங்கிருந்து 72 மணி என்றால் ஞாயிறு காலை ஆறு. ஞாயிறு காலைப் பால் அந்த நேரத்துக்குள் ஊறியதுதானே என்று டொக்டரிடம் கேட்டேன், அதையும் கொட்டச் சொன்னார். ஆகவே, "ஞாயிறு மாலைப் பாலிலிருந்துதான் சேகரிப்பு நிலையத்துக்கு" என்று பெரிய எழுத்தில் எழுதினேன். அதன் கீழே, மாடு எழும்பாவிட்டால், காது சில்லிட்டால், மடி நீலம் பாய்ந்து குளிர்ந்தால், பால் தண்ணீராகவோ இரத்தமாகவோ வந்தால் விடியும் வரை காத்திராமல் டொக்டரைக் கூப்பிட வேண்டும் என்று சேர்த்தேன்.

புதன்கிழமை வீக்கம் வற்றியது. "மிச்சக் குழாயை வைச்சுக்குவோமா, அடுத்த தடவைக்கு உதவுமே" என்று பெரியம்மா கேட்டார். வேண்டாம், மாடு தேறினாலும் ஆறும் முடிய வேண்டும் என்றேன், முடித்தார். ஞாயிறு மாலை கறப்பதற்கு முன் முதல் பீச்சலைக் கறுப்புத் துணியில் விட்டுப் பார்த்தோம், திரி திரியாக எதுவும் இல்லை. அந்தத் தாள் இன்னும் பட்டித் தூணில் பிளாஸ்டிக் பைக்குள் தொங்குகிறது.